ரிஜிஸ்ட்ரேஷன் முதல் கிளைம் வரை: மருத்துவமனை நிர்வாக ரெஸ்யூமில் செய்த வேலை தெரியும்படி எழுதுவது

"நாலு வருஷமா மருத்துவமனை நிர்வாகத்துல இருக்கேன். முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன், அப்புறம் பில்லிங், இப்போ இன்சூரன்ஸ் கிளைம். அக்ரெடிட்டேஷன் சமயத்துல குவாலிட்டி டீமுக்கும் உதவி செஞ்சேன். ரெஸ்யூம்ல எல்லாத்தையும் எழுதியும் எங்கிருந்தும் கூப்பிட மாட்டேங்கிறாங்க. எப்படி எழுதணும்?"

"எல்லாத்தையும்" எழுதியதில்தான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். மருத்துவமனை ஆபரேஷன்ஸ் பக்கம் ஆள் எடுக்கிற பொறுப்பில் பல வருடங்களாக ரெஸ்யூம் படித்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் ஒரே நாலு வரிதான் இருக்கும்: நோயாளிகளைப் பதிவு செய்தல், பில் தயாரித்தல், கிளைம் அனுப்புதல், அக்ரெடிட்டேஷன் பணிகளில் உதவுதல். இது அந்தப் பதவிக்கான வேலைப் பட்டியல். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதே வரிகளைத்தான் எழுத முடியும், அதனால் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி எதுவும் கிடைப்பதில்லை.

உங்களிடம் ஒரு விஷயம் இருக்கிறது, பலரிடம் இல்லாதது. ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்ட்டரில் ஒருவர் பாலிசி எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தால் அந்தத் தவறு அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சில வாரம் கழித்து கிளைம் மேசையில், இன்சூரன்ஸ் கம்பெனி விவரம் கேட்டு அனுப்பும் ஒரு க்வெரியாக வந்து நிற்கும். முதல் முனையில் உட்கார்ந்தவருக்குக் கடைசி முனை தெரியாது, கடைசி முனையில் இருப்பவர் முதல் முனையைத் திட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் இரண்டு முனையிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் ரெஸ்யூம் இந்த ஒன்றைக் காட்டினாலே போதும். நாலு வேலையையும் நாலு தனித்தனிப் பெட்டியாக அடுக்காமல், ஒரு நோயாளியின் ஃபைல் போகிற வழியாக எழுதுங்கள். அந்த வழியில் எந்த இடத்தில் தவறு நுழைகிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பது தெரிய வேண்டும்.

கிளைமிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ரெஸ்யூமில் மேலே வர வேண்டியதும் உங்கள் இப்போதைய வேலைதான். ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம், உங்களிடம் இருக்கிற உண்மை எண்களை அதே இடத்தில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் 420 உள்நோயாளி கிளைம் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் 84 க்வெரியோடு திரும்பி வந்தது. அதாவது 20 சதவீதம். இதை மட்டும் எழுதினால் உங்கள் மேசை மோசம் என்றுதான் அர்த்தமாகும். அந்த 84-ஐயும் காரணம் வாரியாகப் பிரித்தால்தான் விஷயம் தெரிய ஆரம்பிக்கும். 31-இல் பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் இவற்றில் ஏதோ ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனியின் பதிவோடு ஒத்துப்போகவில்லை. 24-இல் பரிசோதனை ரிப்போர்ட் இல்லை, அல்லது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு முக்கிய விவரம் விடுபட்டிருக்கிறது. 17-இல் பில்லில் இருக்கிற ஒரு பொருளுக்கோ சேவைக்கோ ஃபைலில் ஆதாரம் இல்லை. மீதி 12 மருத்துவ ரீதியான கேள்விகள்: ஏன் அட்மிட் செய்ய வேண்டியிருந்தது, ஏன் இத்தனை நாள் தங்கினார் என்பது மாதிரி.

கடைசி 12-க்கு டாக்டர்தான் பதில் எழுத வேண்டும், கிளைம் மேசையால் அதைத் தடுத்திருக்க முடியாது. முதல் 72 அப்படியில்லை, அது மருத்துவமனைக்குள்ளேயே உருவாகி வெளியே போன தவறு. அதிலும் அந்த 31-ஐ இன்னொரு முறை பாருங்கள். எத்தனை பேர் எமர்ஜென்ஸி வழியாக வந்தவர்கள், எத்தனை பேர் இரவில் பதிவானவர்கள் என்று பார்த்தால் 22 பேர் அப்படித்தான் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவில் கூட வந்தவர் பதற்றத்தில் வாயால் சொன்ன பெயரை அப்படியே அடித்திருக்கிறார்கள், அட்டை மறுநாள் காலையில்தான் வந்திருக்கிறது, வந்த பிறகு யாரும் திரையைத் திறந்து ஒப்பிடவில்லை. ஆக, தவறு நடந்த இடம் ரிஜிஸ்ட்ரேஷன் என்றாலும் காரணம் கவனக்குறைவு இல்லை. மறுநாள் காலையில் ஒப்பிட வேண்டியவர் யார் என்று எந்த நடைமுறையிலும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நீங்கள் செய்தது என்ன? அட்மிஷனான 24 மணி நேரத்துக்குள் அட்டையையும் திரையையும் வைத்து ஒப்பிட ஒருவரைப் பொறுப்பாக்கினீர்கள், ஃபைல் வெளியே போகும் முன் பார்க்க ஒரு பக்கச் செக்லிஸ்ட் போட்டீர்கள். அடுத்த மூன்று மாதங்களில் 1,260 கிளைம் போனது, 139 திரும்பி வந்தது. 11 சதவீதம். இப்போது வரியை எழுதலாம்:

*மாதம் சராசரி 420 உள்நோயாளி கிளைம்களைக் கையாண்டேன். க்வெரிகளைக் காரணம் வாரியாகப் பிரித்ததில் அடையாள விவர முரண்பாடே முதலிடத்தில் இருந்தது. அட்மிஷனான 24 மணி நேரத்துக்குள் காப்பீட்டு அட்டையோடு ஒப்பிடும் முறையை ரிஜிஸ்ட்ரேஷன் குழுவோடு சேர்ந்து தொடங்கினேன். க்வெரி விகிதம் மூன்று மாதங்களில் 20%-இலிருந்து 11%-ஆகக் குறைந்தது.*

இந்த வரியைப் படிக்கிற மேலாளர் உடனே கேட்கப் போகிற கேள்வி, இது உங்களால்தான் குறைந்தது என்று எப்படித் தெரியும் என்பது. நியாயமான கேள்வி. இன்சூரன்ஸ் கம்பெனி தன் ஆன்லைன் படிவத்தை மாற்றியிருக்கலாம், அந்த மூன்று மாதத்தில் சிக்கலான கேஸ்களே குறைவாக வந்திருக்கலாம். இதற்கான பதிலும் அதே பிரிப்பில்தான் இருக்கிறது. திரும்பி வந்த 139-ஐயும் முன்பு மாதிரியே பிரியுங்கள்: அடையாள முரண்பாடு 20, ரிப்போர்ட் விடுபட்டது 48, பில் ஆதாரம் 35, மருத்துவக் கேள்வி 36. மூன்று மாதத்துக்கு 36 என்றால் மாதம் 12, முன்பும் 12 தான். நீங்கள் தொடாத வகை அசையவே இல்லை. நேரடியாகக் கை வைத்த அடையாள முரண்பாடு மாதம் 31-இலிருந்து 7-க்குக் கீழே வந்திருக்கிறது, செக்லிஸ்ட் மூலம் ஓரளவு தொட்ட மற்ற இரண்டும் ஓரளவு குறைந்திருக்கின்றன. வெளியே எதுவோ மாறியதால் எல்லாம் குறைந்தது என்றால் அந்த 12-உம் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும். இண்டர்வியூவில் இதை ஒரு நிமிடத்தில் சொல்ல முடிந்த யாரையும் நான் இதுவரை விட்டதில்லை.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். க்வெரி வேறு, ரிஜெக்ஷன் வேறு, தொகை குறைத்து செட்டில் செய்வது வேறு. க்வெரி என்றால் கம்பெனி இன்னும் முடிவெடுக்கவில்லை, விவரம் கேட்கிறது. ரிஜெக்ஷன் அல்லது டினையல் என்றால் முடிவே எதிராக வந்துவிட்டது, இனி அப்பீல்தான். குறைத்து செட்டில் செய்வதில் கிளைம் ஏற்கப்பட்டுவிட்டது, ஆனால் பாலிசியில் வராத பொருட்கள், அறை வாடகை வரம்பு மாதிரியான காரணங்களால் பணம் வெட்டப்படுகிறது. "டினையல் 9% குறைத்தேன்" என்று எழுதிவிட்டு உள்ளே கேட்டால் க்வெரியைச் சொல்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், கிளைம் தெரிந்த ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, 20-இலிருந்து 11-க்கு வந்தால் அது 9 சதவீதப் புள்ளி குறைவு, விகிதமாகப் பார்த்தால் 45 சதவீதம் குறைவு. இரண்டு எண்ணையும் அப்படியே போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது. எண்ணிக்கையில் சொல்கிறீர்களா, தொகையில் சொல்கிறீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள். எண்ணிக்கையில் நூற்றுக்கு மூன்று கிளைம்தான் ரிஜெக்ட் ஆகியிருக்கும், ஆனால் அந்த மூன்றும் பெரிய அறுவை சிகிச்சையாக இருந்தால் தொகையில் பத்துக்கு மேல் போயிருக்கலாம்.

கிளைம் பணம் வராமல் எத்தனை நாள் ஆனது என்று காட்டும் நிலுவை வயதுப் பட்டியல் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு வரி கொடுங்கள். 30 நாள் வரை, 31 முதல் 60, 61 முதல் 90, 90-க்கு மேல் என்று பிரித்து வைத்திருப்பார்களே, அதுதான். 90-க்கு மேல் கிடந்ததில் நீங்கள் பின்தொடர்ந்து எத்தனை முடிந்தது என்று எழுதலாம். தொகையைச் சொல்ல வேண்டாம், எண்ணிக்கையும் சதவீதமும் போதும்.

அடுத்தது ரிஜிஸ்ட்ரேஷன். கிளைம் வரியைப் படித்தவருக்கு இந்த ஆள் தவறின் மூலத்தைத் தேடி ரிஜிஸ்ட்ரேஷன் வரை போயிருக்கிறார் என்று தெரிந்துவிட்டது, அதனால் இங்கே "ஒரு நாளைக்கு 150 பதிவு" என்று வேகத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்ன மாதிரி. ரிஜிஸ்ட்ரேஷனில் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள் இரண்டு. ஒரே நோயாளிக்கு இரண்டு எண் விழுவது ஒன்று, அது டூப்ளிகேட். இரண்டு நோயாளிகள் ஒரே எண்ணுக்குள் போய்விடுவது இன்னொன்று. டூப்ளிகேட்டில் பழைய ரிப்போர்ட் டாக்டர் கண்ணில் படாமல் போகும். இரண்டாவதில் ஒருவரின் ரிப்போர்ட் இன்னொருவருடையது என்று டாக்டர் நம்பிவிடுவார். இரண்டாவதுதான் பல மடங்கு ஆபத்து, ஆனால் எந்த அறிக்கையிலும் அது தானாக வந்து விழாது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மா மகளை அழைத்துவந்திருந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் போன் நம்பரை அடித்துத் தேடினார், அந்த நம்பரில் குடும்பத்தில் மூன்று பேர் இருந்தார்கள், மேலே வந்த பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அது அம்மாவின் பெயர். மகளுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை அம்மாவின் எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. லேபில் இருந்த ஒருவர் வயதையும் முடிவுகளையும் பார்த்து சந்தேகப்பட்டு வார்டுக்குப் போன் செய்ததால்தான் தெரியவந்தது. திருத்துவதற்கு ஒரு முழு நாள் ஆனது: லேப், மருந்தகம், பில் மூன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது, பில்லை ரத்து செய்து மறுபடி போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் செய்தது மிகச் சின்ன மாற்றம்தான். போன் நம்பரால் தேடினாலும் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியையே சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "உங்க பேரு இதுதானே?" என்று நாம் படித்துக் காட்டினால் பாதிப் பேர் காதில் விழாமலேயே தலையாட்டிவிடுவார்கள், அதனால் அவர்கள் சொல்ல வேண்டும், நாம் கேட்க வேண்டும்.

இப்படி ஒன்றை நீங்கள் கவனித்துச் சரி செய்திருந்தால் அதுதான் உங்கள் ரிஜிஸ்ட்ரேஷன் வரி. டூப்ளிகேட் திருத்தும் வேலை செய்திருந்தால் அதையும் விவரமாக எழுதலாம். உதாரணத்துக்கு, பிறந்த தேதியும் போன் நம்பரும் ஒன்றாக இருந்து எண் மட்டும் வேறாக இருக்கிறவர்களை வாராவாரம் பட்டியல் எடுத்தீர்கள், 46 ஜோடி சந்தேகத்துக்கு வந்தது, சரிபார்த்ததில் 38 ஜோடி ஒரே ஆள், 8 ஜோடி வேறு வேறு ஆட்கள். அந்த எட்டில் இரட்டைக் குழந்தைகள் இருப்பார்கள்: ஒரே பிறந்த தேதி, ஒரே போன், பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். அந்த எட்டை இணைக்காமல் விட்டதுதான் உங்கள் வேலையின் தரத்தைக் காட்டுகிறது, அதனால் அந்த எண்ணை மறைக்காதீர்கள்:

*டூப்ளிகேட் என்று சந்தேகத்துக்குரிய 46 ஜோடிப் பதிவுகளை ஆவணத்தோடு சரிபார்த்தேன். 38-ஐ மருத்துவ ஆவணப் பிரிவின் ஒப்புதலோடு இணைத்தேன், 8 ஜோடி வெவ்வேறு நபர்கள் என உறுதி செய்து குறிப்பிட்டேன்.*

"ஒப்புதலோடு" என்ற சொல் முக்கியம். இணைத்த பதிவைப் பிரிப்பது இணைப்பதை விடப் பல மடங்கு கடினம், அதனால் ஒழுங்கான இடங்களில் கவுன்ட்டர் ஆளுக்கு அந்த அதிகாரம் தனியாக இருக்காது. இணைத்த பிறகு லேப், ஸ்கேன் சிஸ்டம்களிலும் எண் மாறிவிட்டதா என்று நீங்கள் பார்த்திருந்தால் அதையும் ஒரு சொல் சேருங்கள், பலர் அங்கே விட்டுவிடுவார்கள்.

மென்பொருள் பற்றி. "ஹெச்.ஐ.எஸ். தெரியும்" என்று எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. எபிக், மெடிடெக், பாஹ்ம்னி என்று எதுவாக இருந்தாலும் அதன் பெயரைப் போடுங்கள், மருத்துவமனை தானே எழுதிக்கொண்ட மென்பொருள் என்றால் அப்படியே சொல்லுங்கள். பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் லாகினுக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பது. பார்க்க மட்டுமா, புதிதாகப் பதிவு போடவா, போட்ட பதிவைத் திருத்தவா, பில்லை ரத்து செய்யவா, தள்ளுபடி போடவா, புதியவர்களுக்கு லாகின் உருவாக்கவா? பில் ரத்து செய்கிற அதிகாரத்தை யாருக்கும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள், அது இருந்தது என்று ஒரு வரி சொன்னால் உங்கள் மீது வைத்திருந்த நம்பிக்கையின் அளவு தெரிந்துவிடும். மென்பொருள் மாற்றம் நடந்தபோது நீங்கள் இருந்திருந்தால், பழையதிலிருந்து புதியதற்குத் தரவு மாற்றிய பிறகு சரிபார்த்திருந்தால், அதைத் தனி வரியாகவே எழுதுங்கள்.

பில்லிங்கில் எல்லோரும் எழுதுகிற ஒரே சாதனை "டிஸ்சார்ஜ் நேரத்தைக் குறைத்தேன்". கடிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதியது 10:10. சம்மரி கையெழுத்தானது 11:40. மீந்த மருந்து மருந்தகத்துக்குத் திரும்பி வரவு வைத்தது 11:55. இறுதி பில் 12:20. இன்சூரன்ஸ் அப்ரூவல் 14:35. நோயாளி கிளம்பியது 15:00. மொத்தம் 4 மணி 50 நிமிடம், அதில் பில்லிங் மேசையின் பங்கு 25 நிமிடம்தான். மொத்த நேரம் குறைந்ததை நீங்கள் மட்டும் செய்ததாக எழுதினால் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஆனால் நீங்கள் முந்தைய நாள் மாலையே இடைக்கால பில்லைப் பார்த்து விடுபட்ட சார்ஜ்களைச் சேர்த்து வைத்ததால் அந்த 25 நிமிடம் 10 ஆனது என்றால் அது உங்களுடையது. "மருந்து வரவு முதல் இறுதி பில் வரை" என்று எல்லையைச் சொல்லி எழுதுங்கள். விடுபட்டுப் போய்ப் பிறகு சேர்க்கும் சார்ஜ், ரத்தான பில், ஷிப்ட் முடிவில் பணமும் கணக்கும் ஒத்துப்போனது, இவற்றில் எதையாவது நீங்கள் அளந்திருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மூன்றையும் போட வேண்டாம்.

இனி அக்ரெடிட்டேஷன், அதாவது மருத்துவமனையின் தரத்தை வெளி அமைப்பு ஒன்று ஆய்வு செய்து தரும் அங்கீகாரம். இங்கேதான் ஆட்கள் அதிகமாக ஏற்றிச் சொல்கிறார்கள், இங்கேதான் சுலபமாகப் பிடிபடுகிறார்கள். "அக்ரெடிட்டேஷன் பெற்றுத் தந்தேன்" என்று எழுதியிருந்த ஒருவரிடம் உங்கள் துறையில் எத்தனை குறை வந்தது, எதை எப்படி மூடினீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை, ஃபைல்களை அடுக்கி லேபிள் ஒட்டியதாகத்தான் கடைசியில் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமில்லை, லேபிள் ஒட்டியதும் தேவையான வேலைதான். ஆனால் எழுதியதும் செய்ததும் வேறாக இருந்ததால் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வந்துவிட்டது. அவர் கிளைமில் உண்மையாகவே நன்றாக வேலை செய்தவராக இருந்திருக்கலாம், அதைக் கேட்கிற மனநிலை அங்கே போய்விட்டது.

உதவியதை உதவியதாகவே எழுதுங்கள், ஆனால் எதில் உதவினீர்கள் என்று குறிப்பாக. முதலில் எந்த அமைப்பு, எந்தப் பதிப்பு என்று போடுங்கள். தரநிலைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஜே.சி.ஐ. ஆகட்டும், என்.ஏ.பி.ஹெச். ஆகட்டும், பதிப்பைச் சொல்கிறவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் என்று புரியும். அப்புறம் உங்கள் மற்ற வேலைகளோடு இதை இணையுங்கள், அதற்கு வழி தானாகவே இருக்கிறது. ஜே.சி.ஐ.-யின் நோயாளி பாதுகாப்பு இலக்குகளில் முதலாவதே நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதுதான். குறைந்தது இரண்டு அடையாளங்களை வைத்துப் பார்க்க வேண்டும், அறை எண்ணை அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிஜிஸ்ட்ரேஷனில் முழுப் பெயரும் பிறந்த தேதியும் நோயாளியையே சொல்லச் சொல்வதைப் பார்த்தோமே, அது அக்ரெடிட்டேஷன் வேலையேதான். ஆய்வுக்கு வருகிறவர்கள் ஒரு நோயாளியின் ஃபைலை எடுத்துக்கொண்டு அவர் நுழைந்த வாசலிலிருந்து கிளம்பியதுவரை நடந்தே பார்ப்பார்கள், ட்ரேசர் என்று சொல்வது அதைத்தான். ரிஜிஸ்ட்ரேஷன், பில்லிங், கிளைம் மூன்றையும் பார்த்தவருக்கு அந்தப் பாதையின் நிர்வாகப் பகுதி முழுக்கத் தெரியும்.

மாதிரி ஆடிட் சமயத்தில் ஒரு கவுன்ட்டர் சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு நடைமுறைத் தாளைப் பார்த்திருக்கிறேன். ஓரம் பழுத்து, மேலே பதிப்பு 2 என்று இருந்தது. ஃபைலில் இருந்த நடைமுறை பதிப்பு 4. கவுன்ட்டரில் இருந்தவர் சுவரில் இருப்பதைப் பார்த்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தார், அவர் மீது ஒரு தவறும் இல்லை. இந்தக் குறையை மூடுவது என்றால் தாளைக் கிழித்துப் புதிதாக ஒட்டுவதோடு முடியாது. புதிய பதிப்பு வரும்போது பழைய பிரதிகளை யார் திரும்ப வாங்குவது, எத்தனை இடத்தில் பிரதி இருக்கிறது என்ற பட்டியல் எங்கே, புதியதைப் படித்ததற்கு யார் யார் கையெழுத்துப் போட்டார்கள், இத்தனையும் வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்த்துச் சரியாக இருந்ததற்கான பதிவும் வேண்டும். நீங்கள் செய்தது இந்த மாதிரி வேலை என்றால் இப்படி எழுதலாம்:

*ரிஜிஸ்ட்ரேஷன், பில்லிங் சார்ந்த 11 நடைமுறை ஆவணங்களின் பதிப்புக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டேன். உள் ஆடிட்டில் எங்கள் பிரிவில் வந்த 9 குறைகளில் 7-க்கு மூலகாரணம், திருத்த நடவடிக்கை, மறுபார்வை ஆதாரம் ஆகியவற்றைத் தயாரித்துக் குவாலிட்டி குழுவிடம் ஒப்படைத்தேன்.*

ஒன்பதில் ஏழு என்று எழுதினால் மீதி இரண்டைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கட்டும். அது ஐ.டி. பிரிவைச் சார்ந்தது, மென்பொருளில் மாற்றம் தேவைப்பட்டது, நான் கோரிக்கை அனுப்பியது இந்த நாளில் என்று நீங்கள் சொல்கிற பதில், ஒன்பதும் முடிந்தது என்று சொல்வதைவிட நன்றாக இருக்கும்.

வடிவத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கத்துக்குள், பெட்டி, படம், பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் அமைப்பு எதுவும் இல்லாமல், ஏனென்றால் விண்ணப்பங்களை வாங்குகிற மென்பொருள் பல நேரம் அவற்றைச் சரியாகப் படிப்பதில்லை. மேலே மூன்று வரியில் நீங்கள் யார்: எத்தனை வருடம், எத்தனை படுக்கை உள்ள மருத்துவமனை, எந்தெந்த மேசை, எந்த மென்பொருள். படுக்கை எண்ணிக்கையை மறக்காதீர்கள், மாதம் 420 கிளைம் என்பது 100 படுக்கை இடத்தில் ஒரு மாதிரி, 600 படுக்கை இடத்தில் வேறு மாதிரி. வேலை விளம்பரத்தில் ப்ரீ-ஆத் என்று எழுதியிருந்தால் நீங்களும் அதே சொல்லைப் போடுங்கள், முன் அனுமதி என்று எழுதியிருந்தால் அதையே. ஒரு மேசைக்கு நாலு வரிக்கு மேல் வேண்டாம், பழைய வேலைகளுக்கு இரண்டே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நோயாளி பெயர், பதிவு எண், திரையின் படம், எந்தக் கம்பெனியோடு என்ன கட்டணத்துக்கு ஒப்பந்தம் என்பது, இவை எதுவும் ரெஸ்யூமிலும் வரக்கூடாது, இண்டர்வியூவுக்கு எடுத்துப் போகும் ஃபைலிலும் வரக்கூடாது. பெயரை அழித்துவிட்ட பில் என்று ஒருவர் மாதிரி காட்டினார், அட்மிஷன் தேதியும் அறுவை சிகிச்சையின் பெயரும் அப்படியே இருந்தது. அவரை எடுக்கவில்லை. நாளைக்கு எங்கள் நோயாளியின் பில்லையும் இப்படி எடுத்துப் போவார் என்றுதான் தோன்றியது.

எண்கள் இல்லையே என்று தோன்றலாம், குறிப்பாக ரிஜிஸ்ட்ரேஷனில் இருந்த பழைய வருடங்களுக்கு. இல்லாத எண்ணை உருவாக்காதீர்கள். அளவுக்குப் பதிலாக எல்லையைச் சொல்லலாம்: எத்தனை கவுன்ட்டர், எந்த ஷிப்ட், எமர்ஜென்ஸியா வெளிநோயாளியா, புதிதாகச் சேர்ந்த எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். அவையெல்லாம் உங்கள் நினைவிலிருந்தே உண்மையாக எழுதக்கூடியவை. இப்போதைய கிளைம் மேசைக்கு எண்ணை எடுப்பது சிரமமில்லை, க்வெரி ரிஜிஸ்டரோ மெயிலோ கட்டாயம் இருக்கும். மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போன மாதத்தை மட்டும் எடுத்துக் காரணம் வாரியாக எண்ணுங்கள், இரண்டு மதியம் ஆகும். எண்ணும்போதே எந்த வகையை உங்களால் குறைக்க முடியும் என்று தெரிந்துவிடும், குறைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அதுவரை "க்வெரிகளைக் காரணம் வாரியாக வகைப்படுத்தினேன், 84-இல் 72 உள்ளேயே தடுக்கக்கூடியவை எனக் கண்டறிந்தேன்" என்று எழுதினாலும் சரிதான், அதுவும் முடிந்த வேலைதான்.

இண்டர்வியூவுக்குப் போகும்போது ரெஸ்யூமில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி வீட்டிலேயே எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்: எந்த மாதம், எந்தப் பதிவேடு, யார் எண்ணியது, எதை விட்டுவிட்டு எண்ணியது. நான் முதலில் கேட்பது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விதான். 420-இல் வெளிநோயாளி கிளைம் சேர்ந்ததா இல்லையா, ஒரே கிளைமுக்கு இரண்டு முறை க்வெரி வந்தால் ஒன்றாக எண்ணினீர்களா இரண்டாகவா என்று கேட்பேன்.